தூக்க மாத்திரை போட்ட சுகர்காரர் அசந்து தூங்குறாருன்னா, ஒரு தடவ எழுப்பிப் பாத்துருங்க

தூக்க மாத்திரை போட்டா சுகர் இறங்குமான்னு நெறைய பேரு கேக்குறாங்க. நேரடியா பதில் சொல்லணும்னா, நம்ம ஊர்ப்பக்கம் சாதாரணமா எழுதிக்குடுக்குற அல்பிரசோலம், குளோனசிபாம், சோல்பிடெம் மாதிரி மாத்திரைங்க தானா சுகர பெருசா இறக்குறதில்ல. இறக்குறது சுகர் மாத்திரையோ இன்சுலினோதான். தூக்க மாத்திரை பண்றது வேற வேல, சுகர் இறங்குனது அவருக்கும் தெரியாம பக்கத்துல படுத்திருக்கவங்களுக்கும் தெரியாம பண்ணிருது. ஆபத்து அங்கதான் இருக்கு.

இதுல எல்லா சுகர் மாத்திரையும் ஒண்ணு இல்ல. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுறவருக்கு ராத்திரி லோ ஆகுறது ரொம்ப அபூர்வம். கணையத்தப் பிடிச்சு பிழிஞ்சு இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரைங்க இருக்கு பாருங்க, கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட், கிளிபிசைட்னு, இதுகளும் இன்சுலின் ஊசியுந்தான் லோ பண்ணும். நெறைய பேருக்கு தான் சாப்பிடுறது இதுல எதுன்னே தெரியாது, ஏன்னா ஒரே மாத்திரைக்குள்ள ரெண்டு மூணு மருந்து சேந்து வருது. பட்டையில பேருக்குப் பின்னாடி எம்1, எம்2ன்னு போட்டிருந்தா பெரும்பாலும் அதுக்குள்ள கிளிமெபிரைட் 1 மி.கி. இல்ல 2 மி.கி., கூடவே மெட்ஃபார்மின்னு அர்த்தம். "எனக்கு லேசான மாத்திரைதான், மெட்ஃபார்மின்தான்"னு சொல்றவரோட பட்டையத் திருப்பிப் பாத்தா பின்னாடி பொடி எழுத்துல கிளிமெபிரைட்னு இருக்கும்.

பகல்ல ஒருத்தருக்கு சுகர் 70க்குக் கீழ இறங்குனா உடம்பு சும்மா இருக்காது. குளுககான், அட்ரினலின்னு ஹார்மோனுங்கள அனுப்பி ஈரல்ல இருக்குற சர்க்கரைய வெளிய எடுக்கச் சொல்லும். அந்த அட்ரினலின்னாலதான் கை நடுங்குது, நெஞ்சு படபடங்குது, வேத்துக் கொட்டுது, பசி காதை அடைக்குது. மனுசன் உடனே ரெண்டு பிஸ்கட்டையோ ஒரு டீயையோ தேடிப் போயிருவாரு, முடிஞ்சுது கத. அதாவது நமக்கு தொந்தரவா தெரியுற அந்தப் படபடப்புதான் நம்மளக் காப்பாத்துறதும்.

ராத்திரி தூக்கத்துல இதெல்லாம் பாதிதான் வேல செய்யும். டைப் 1 சுகர் இருக்குற இளவட்டப் பசங்கள வச்சு 1998ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, முழிச்சிருக்கப்ப சுகர் இறங்குனா வர்ற அளவுக்கு தூக்கத்துல இறங்குனா அட்ரினலின் வர்றதில்லன்னு அதுல பாத்தாங்க. 2007ல ஜெர்மனியில செஞ்சது இன்னும் பகீர்னு இருக்கும். டைப் 1 சுகர்காரங்க 16 பேரு, சுகரே இல்லாதவங்க 16 பேரு, எல்லாரையும் தூங்க வச்சு அந்த நேரத்துல சுகர 40 வரைக்கும் மெதுவா இறக்குனாங்க. சுகர் இல்லாதவங்கள்ல 10 பேரு தானா முழிச்சுட்டாங்க. சுகர்காரங்கள்ல முழிச்சது ஒரே ஒரு ஆளு. இத்தனைக்கும் இவங்க யாரும் தூக்க மாத்திரை போட்டவங்க இல்ல.

இதுக்கு மேல மாத்திரையும் போட்டா என்ன ஆகும்? அல்பிரசோலம் மாதிரி மருந்து மூளைய அமத்துற மருந்து, அந்த எதிர் ஹார்மோன் எல்லாம் மூளையோட உத்தரவுலதான் கிளம்புது. நல்லா இருக்குறவங்களுக்கே அல்பிரசோலம் குடுத்துட்டு சுகர இறக்கிப் பாத்த ஆய்வுகள்ல சில ஹார்மோனுங்க கம்மியாத்தான் வந்திருக்கு. பாதி முழிச்சு "என்னமோ பண்ணுதே"ன்னு எந்திரிக்கிற சக்தியும் போயிருது. பழைய சுகர்காரங்க, வயசானவங்க, அடிக்கடி லோ ஆகுறவங்களுக்கு ஏற்கனவே படபடப்பு மங்கிப்போயிருக்கும். பிரஷருக்கு புரொப்ரனலால் மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கு நடுக்கமும் படபடப்பும் இன்னும் கம்மியாத் தெரியும்.

இதெல்லாம் தாண்டி ஒண்ணு இருக்கு, எந்த ஆய்வுலயும் அளக்க முடியாதது, வீட்டுல உள்ளவங்க மனசு. மாத்திரை போடாத மனுசன் காலையில ஏழு மணி வரைக்கும் எந்திரிக்கலேன்னா வீடே பதறும். மாத்திரை போட்டவருன்னா "போட்டிருக்காருல்ல, தூங்கட்டும் விடு, எழுப்பாத"ன்னு கதவச் சாத்தி வச்சிருவாங்க. காரணம் ஏற்கனவே கையில ரெடியா இருக்குறதுனால வேற காரணத்த யாரும் தேடுறதில்ல. நான் பாத்தவரைக்கும் நேரத்த அதிகமாத் தின்னுறது இதுதான்.

எங்க பக்கம், தமிழ்நாட்டுல கீழ கம்பம் கூடலூர்ல இருந்து மேல கேரளாவுல குமுளி வண்டிப்பெரியார் வரைக்கும் நடக்குற விதத்தச் சொன்னாத்தான் இது புரியும். ஒரே ஆள் பேரச் சொல்ல முடியாது, சில வீட்டுல நடக்குறத சேத்து ஒரு கேஸா சொல்றேன்.

குமுளிக்குப் பக்கத்துல ஏலக்காட்டுல கங்காணியா இருந்து ஓஞ்சவரு, வயசு 66, சுகர் வந்து பதினஞ்சு வருசத்துக்கு மேல இருக்கும். மக கம்பத்துல கட்டிக்குடுத்திருக்கு, அதுனால சுகருக்கு கீழ இறங்கி கம்பத்துல பாக்குறாரு. அங்க எழுதிக்குடுத்தது எம்2 மாத்திரை, காலையில ஒண்ணு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு. கிளிமெபிரைட் மட்டும் ஒரு நாளைக்கு 4 மி.கி. ஆச்சு. கொஞ்ச நாளா ராத்திரி ஒண்ணு ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துருது, கெட்ட கனா, முழிச்சா ஒரே பதட்டம், அப்பறம் விடியிற வரைக்கும் தூக்கம் இல்ல. அதுக்கு மேல மலையிலயே ஒரு டாக்டரப் பாத்தாரு, அவரு அல்பிரசோலம் 0.5 மி.கி. எழுதிக்குடுத்தாரு. கம்பத்துச் சீட்டு மக வீட்டுப் பீரோவுல கெடக்கு, குமுளிச் சீட்டு இவரு சட்டப்பையில கெடக்கு. இங்க இருக்குறவருக்கு அங்க எழுதுனது தெரியாது, அங்க இருக்குறவருக்கு இங்க எழுதுனது தெரியாது. ரெண்டு பேருமே தப்பா எழுதலங்குறதையும் சேத்துச் சொல்லணும், அவங்கவங்க கேட்டதுக்கு சரியாத்தான் எழுதியிருக்காங்க.

மார்கழி மாசம். ரெண்டு நாளா வயித்தால போயிட்டிருந்துச்சு, சாப்பாடு எறங்கல. அன்னைக்கு ராத்திரி அரை டம்ளர் கஞ்சிதான். ஆனா மாத்திரைய விடக்கூடாதுன்னு எட்டு மணிக்கு எம்2வ வழக்கம்போல போட்டாரு, ஒன்பதரைக்கு தூக்க மாத்திரை. பதினோரு மணி வாக்குல கைய கால ஒதறிக்கிட்டே என்னமோ முணுமுணுத்தாரு, வீட்டம்மா "ஏங்க, என்னங்க"ன்னாங்க, பதில் இல்ல, கனாப் போலன்னு விட்டாங்க. ஒரு மணிக்கு போர்வை இழுத்து விடப் போனா பனியன் முதுகு தொப்பலா நனஞ்சிருக்கு, தலகாணி ஒறையும் ஈரம். ரெண்டு போர்வை போத்துனதுல புழுங்கியிருக்கும்னு ஒண்ண எடுத்துட்டாங்க. மார்கழியில, குமுளிக் குளிர்ல, கதவு இடுக்குல பனி வர்ற வீட்டுல ஒரு மனுசனுக்கு ஏன் வேத்துச்சுன்னு அந்த நேரத்துல யாருக்கும் தோணல, தூக்கக் கலக்கத்துல எனக்கும் தோணியிருக்காது. மூணு மணிக்கு மேல ஒதறல் எல்லாம் நின்னு பலமா குறட்டை. "இன்னைக்குத்தான் மனுசன் நிம்மதியாத் தூங்குறாரு"ன்னு அவங்களும் கண்ண அசந்துட்டாங்க.

ஒரு மணிக்கு வேர்வை, மூணு மணிக்கு குறட்டை, இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுங்குறதுதான் முக்கியம். வேர்வையும் ஒதறலும் உடம்பு எதுத்துப் போராடுறதோட அடையாளம். சுகர் இன்னும் கீழ போனா மூளைக்கே சக்தி கெடைக்காம அது மெல்ல அணைய ஆரம்பிக்கும், ஏன்னா மூளைக்கு அந்த நேரத்துக்கு சர்க்கரைய விட்டா கையிருப்பு வேற பெருசா இல்ல. அப்ப ஒதறல் நின்னுரும், நாக்கு பின்னாடி சாஞ்சு தொண்டைய அடைக்கும், மூச்சு குறட்டை மாதிரி கொர கொரன்னு வரும். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு பொரண்டுக்கிட்டிருந்தவரு அசந்து தூங்கிட்ட மாதிரிதான் இருக்கும். நெலம மோசமானது அமைதியானது மாதிரி தெரியுது.

காலையில ஆறரைக்கு மகன் வந்து "அப்பா, அப்பா"ன்னு தோளப் பிடிச்சு உலுக்குறான். கண்ணு லேசாத் தெறக்குது, பார்வை எங்கயோ நிக்குது, வாய் ஓரம் எச்சில். பக்கவாதமோன்னு பயந்து ஜீப்புக்கு ஓடப்போனவன பக்கத்து வீட்டுல இருக்குற நர்ஸ் சேச்சி நிறுத்தி மொதக் கேள்வி கேட்டாங்க, "சுகர் நோக்கியோ?" அவங்க மெஷின்ல விரலக் குத்திப் பாத்தா 34.

அந்தப் பக்கவாத பயம் தப்பில்ல. லோ சுகர் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிட்ட மாதிரியும் காட்டும், பேச்சு குழறும், வலிப்பு வரும், சில பேரு எழுப்ப வந்தவங்கள அடிக்கப் பாய்வாங்க. குடிச்சவன் மாதிரி ஒளறுறத பாத்து "ராத்திரி ஒளிச்சு வச்சுக் குடிச்சிருக்கான்"னு ஒதுக்கி வச்ச வீடும் உண்டு. அதே நேரம் நெசமாவே குடிச்சிருந்தா இன்னும் மோசம், சாராயம் ஈரல் புதுசா சர்க்கரை செய்யுற வேலையத் தடுக்குது. சுகர் மாத்திரை, தூக்க மாத்திரை, வெறும் வயித்துல ரெண்டு பெக்குன்னு மூணும் சேந்தா சொல்லவே வேணாம்.

சரி, நல்ல தூக்கமா இல்ல லோவான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? டாக்டர் எழுதுன அளவுல தூக்க மாத்திரை போட்டவர எழுப்ப முடியும். இத மனசுல வச்சுக்கங்க. பேரச் சொல்லி சத்தமாக் கூப்பிட்டு தோளப் பிடிச்சு உலுக்குனா கைய தட்டிவிடுவாரு, "ஏன்டா உயிர வாங்குற"ன்னு எரிஞ்சு விழுவாரு, குழறலா இருந்தாலும் கேட்டதுக்குப் பொருத்தமா ஒரு பதில் வரும். "இன்னைக்கு என்ன கிழமை", "பேத்தி பேரு என்ன"ன்னு ஒண்ணு கேளுங்க. பதில் வந்துச்சுன்னா திரும்பத் தூங்க விடலாம். பதிலே வரல, இல்ல சம்பந்தமில்லாம வருதுன்னா அது மாத்திரைத் தூக்கம்னு நெனச்சுக்கிட்டு விடக்கூடாது, அந்த நிமிசமே விரலக் குத்திப் பாக்கணும். மெஷின் பதில் சொல்ல அஞ்சு செகண்டுதான் ஆகுது.

எழுப்பிக்கிட்டே கைய சட்டைக்குள்ள விட்டு முதுகையும் கழுத்தையும் தொட்டுப் பாருங்க. ஈரமா, சில்லுன்னு, பிசுபிசுன்னு இருந்தா லோவா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். ஆனா வேர்வை இல்லேன்னா லோ இல்லன்னு முடிவு கட்டிராதீங்க, ரொம்ப வருசமா சுகர் இருக்குறவங்களுக்கு நரம்பு கெட்டு வேர்க்காமயே போகும், ராத்திரியே வேத்து முடிஞ்சு காலையில காஞ்சும் போயிருக்கும். இவர் கேஸ்லயே மகன் வந்தப்ப முதுகு காஞ்சுதான் இருந்துச்சு, தலகாணி மட்டும் ஈரம்.

மெஷின்ல 70க்குக் கீழன்னா லோ, 54க்குக் கீழன்னா ஆபத்தான லோ. மெஷின் இல்லாத வீடு, இல்ல ஸ்ட்ரிப் தீந்துபோச்சு, மலை மேல காலையில ஆறு மணிக்கு எந்த மருந்துக்கடையும் தெறந்திருக்காது, அப்படின்னா லோன்னே வச்சுக்கிட்டு காரியத்தப் பாக்கணும். சுகர் கூடியிருக்குறவருக்கு தெரியாம மூணு ஸ்பூன் சீனி குடுத்துட்டா அந்த நேரத்துக்கு பெருசா ஒண்ணும் ஆயிராது, லோ ஆனவருக்கு குடுக்காம விட்டாத்தான் வெனை. இதுக்கு மறுபக்கமும் ஒண்ணு உண்டு: மெஷின் 150 காட்டுது, ஆனாலும் எழுப்ப முடியல, அப்பவும் "சுகர் நல்லாத்தான் இருக்கு"ன்னு விடக்கூடாது. மாத்திரை அதிகமாப் போட்டிருக்கலாம், மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருக்கலாம், எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

என்ன குடுக்குறதுங்குறதுலதான் நெறைய தப்பு நடக்குது. நல்லா முழிச்சு உக்காந்து விழுங்க முடியுதுன்னா அரை டம்ளர் தண்ணியில மூணு டீஸ்பூன் சீனி இல்லாட்டி குளுக்கோஸ் பவுடர் கலக்கிக் குடுங்க, அது ஏறக்குறைய 15 கிராம். பதினஞ்சு நிமிசம் கழிச்சுத் திரும்ப குத்திப் பாத்து இன்னும் 70க்குக் கீழன்னா இன்னொரு தடவ. ஏறுனதுக்கு அப்பறம் இட்லியோ பாலோ ரொட்டியோ குடுக்கணும், இல்லேன்னா திரும்ப இறங்கிரும். சாக்லேட்ட தேடாதீங்க, அதுல இருக்குற கொழுப்பு சர்க்கரை ஏறுறத தாமதப்படுத்தும். அப்பறம் வோக்லிபோஸ், அகார்போஸ்னு ஒரு வக மருந்து, மூணு மருந்து சேந்த மாத்திரைகள்ல சிலதுல இருக்கும், அது வீட்டுச் சீனி உடையுறத குடல்ல நிறுத்தி வைக்கிற மருந்து. அத சாப்பிடுறவருக்கு சீனித்தண்ணி சட்டுன்னு ஏறாது, குளுக்கோஸ் பவுடர்தான் ஏறும். அதுனால சுகர்காரர் வீட்டுல ஒரு குளுக்கோஸ் டப்பா தனியா இருக்குறது நல்லது, பிள்ளைங்க கைக்கு எட்டாத எடத்துல, பிள்ளைங்க நக்கியே தீத்துருங்க.

நெனவு சரியா இல்லேன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, தேனு, சீனித்தண்ணி, டீ எதுவும் வேணாம். தொண்டையில ஊத்துன தண்ணி நுரையீரலுக்குப் போனா அது தனி வெனை. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தாடைய லேசா மேல தூக்கி மூச்சுக்கு வழி விட்டு, 108க்குப் போன் பண்ணனும். எங்க எல்லையில ரெண்டு பக்கமும் 108தான், ஆனா நீங்க எந்த மாநிலத்துல நின்னுக்கிட்டுப் பேசுறீங்கன்னு மொத வார்த்தையிலயே ஊர் பேரோட சொல்லிருங்க, மலை விளிம்புல செல்போன் டவர் எந்தப் பக்கத்துதுன்னு சொல்ல முடியாது. வண்டி வர நேரமாகும்னா ஜீப்புல ஏத்துங்க, ஆனா கீழ கம்பத்துல இருக்குற நம்ம டாக்டர்கிட்டதான் காட்டணும்னு ஊசிமுனை வளைவு அத்தனையும் இறங்கிக்கிட்டு இருக்காதீங்க. இந்த வைத்தியத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவயில்ல, நரம்புல குளுக்கோஸ் ஏத்தத் தெரிஞ்ச மொத ஆஸ்பத்திரி போதும், அது எந்த மாநிலத்துல இருந்தா என்ன. குளுககான் ஊசின்னு ஒண்ணு இருக்கு, வீட்டுலயே போடலாம், ஆனா நம்ம பக்கத்துக் கடைகள்ல லேசுல கெடைக்காது. அதோட அது ஈரல்ல இருக்குற சர்க்கரைய வெளிய தள்ளித்தான் வேல செய்யுது, ரெண்டு நாளு சாப்பிடாதவரு ஈரல்ல தள்ளுறதுக்கே ஒண்ணும் இருக்காது.

கங்காணிக்கு என்ன ஆச்சு? பக்கத்து ஆஸ்பத்திரியில 25 சதவீத குளுக்கோஸ் 100 மில்லி நரம்புல ஏத்துனாங்க, பத்து நிமிசத்துல கண்ணத் தெறந்து "எதுக்குடா இங்க கொண்டாந்தீங்க"ன்னு கேட்டாரு. மெஷின்ல 160. வீட்டுல எல்லாருக்கும் உயிர் வந்துச்சு, கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு மகன் கெளம்புறான், நல்லாத்தான இருக்காரு, பேசுறாரு, டீ குடிக்கிறாரு.

அங்கதான் நிறுத்தணும். ஏத்துன குளுக்கோஸ் கொஞ்ச நேரத்துல செலவாயிரும், ஆனா கிளிமெபிரைட்டோட வேல ஒரு நாள் முழுக்க ஓடும், கிட்னி சரியா இல்லேன்னா இன்னும் நீளும், ஏன்னா மருந்தோட மிச்சம் கிட்னி வழியாத்தான் பெரும்பாலும் வெளிய போகுது. கணையம் இன்னும் இன்சுலின ஊத்திக்கிட்டேதான் இருக்கு, போதாததுக்கு நம்ம ஏத்துன குளுக்கோஸே அத இன்னும் கொஞ்சம் தூண்டிவிடும். டூட்டி டாக்டர் விடமாட்டேன்னுட்டாரு, மணிக்கு ஒரு தடவ பாத்துக்கிட்டே இருந்தாங்க, மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்ப 52. காலையிலயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா, அசதியில மத்தியானம் தூங்குறாருன்னு திரும்ப கதவச் சாத்தி வச்சிருப்பாங்க. இந்த வக மாத்திரையால லோ ஆகி நெனவு தப்புனவங்கள ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கச் சொல்றது பில்லுக்காக இல்ல. ஊசி போட்டு வர்ற லோவுல மருந்து வேல முடியிற நேரம் ஓரளவுக்குக் கணக்குல பிடிபடும், மாத்திரை லோவுல அது பிடிபடாது.

இவருக்கு அதிர்ஷ்டம், மூளைக்கு ஒண்ணும் ஆகல. ரொம்ப நேரம் ஆழமான லோவுல கெடந்தவங்க சுகர் ஏறுனதுக்கு அப்பறமும் முழிக்காம இருக்குறது உண்டு, முழிச்சாலும் ஞாபகம், நடை பழையபடி வராததும் உண்டு. எத்தன மணி நேரம்னு ஒரு கோடு போட முடியாது, அதுனாலதான் "ஒன்பது மணி வரைக்கும் பாப்போம்"ங்குற பேச்சே எனக்கு ஆகாது.

ரத்தம் எடுத்துப் பாத்ததுல கிரியேட்டினின் 1.8. கம்பத்துல ஒன்றரை வருசத்துக்கு முன்னாடி எடுத்தப்ப 1.1. அதாவது அதே எம்2, அதே ரெண்டு வேள, ஆனா மருந்து தங்குற நேரம் கூடிப்போச்சு, அதுக்கு மேல ரெண்டு நாள் வயித்தால போனது வேற. "பத்து வருசமா இதே மாத்திரைதான், ஒண்ணும் பண்ணல"ன்னு சொல்றவங்க கவனிக்கணும், மாத்திரை மாறல, கிட்னி மாறிப்போச்சு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 65 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு கூடுமானவரை தவிர்க்க வேண்டிய மருந்துகள்னு ஒரு பட்டியல் போடுது, பீர்ஸ் பட்டியல்னு பேரு. 2023ல வந்ததப் பாத்தா அல்பிரசோலம் வகையும் அதுல இருக்கு, சோல்பிடெம் இருக்கு, கிளிமெபிரைட் வகையும் இருக்கு. ரெண்டும் ஒரே ஆளுக்கு ஒரே ராத்திரி.

இன்னொண்ணையும் அந்த டூட்டி டாக்டர்தான் தோண்டி எடுத்தாரு. "தூக்க மாத்திரை எதுக்கு ஆரம்பிச்சீங்க?" நடுராத்திரி முழிப்பு, கெட்ட கனா, பதட்டம், அதுக்கு. அந்த நேரத்துல சுகர் எவ்வளவு இருந்துச்சு? யாரும் பாக்கல. முழிச்சப்ப வேத்துச்சா? வீட்டம்மா யோசிச்சுட்டு, "ஆமாங்க, பனியன் மாத்திக்குவாரு. எந்திரிச்சுப் போயி ரெண்டு வாழப்பழம் தின்னுட்டு வந்து படுப்பாரு"ன்னாங்க.

ஆக அந்த முழிப்பே லோதான். ஒவ்வொரு ராத்திரியும் சுகர் இறங்கி, உடம்பு எப்படியோ போராடி அவர எழுப்பிவிட்டு வாழப்பழம் திங்க வச்சிருக்கு. தூக்கம் வரலேன்னு நம்ம நெனச்சது உடம்பு அடிச்ச அலாரம், மாத்திரை போட்டு அத அமத்தியாச்சு. எல்லாருக்கும் இப்படின்னு சொல்லல, சுகர்காரங்க தூக்கம் கெடுறதுக்கு வேற காரணமும் உண்டு, சுகர் கூடி நாலஞ்சு தடவ ஒண்ணுக்குப் போக எந்திரிக்கிறது, பாத எரிச்சல், குறட்டையில மூச்சு நின்னு நின்னு வர்றது. ஆனா தூக்க மாத்திரை எழுதி வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு ராத்திரி, முழிச்ச அந்த நேரத்துல, முழிப்பு வரலேன்னா ரெண்டு மூணு மணிக்கு எழுப்பி, விரலக் குத்திப் பாத்து எழுதி வச்சுக்கிட்டுப் போனா டாக்டருக்கு பாதி வேல முடிஞ்சுது. காலை வெறும் வயித்து சுகர் இதக் காட்டிக்குடுக்காது, மூணு மணிக்கு 50ல இருந்தவரு வாழப்பழம் தின்னுட்டு ஆறரைக்கு 130 காட்டுவாரு. மூணு மாச சராசரி டெஸ்டும் காட்டாது, சராசரின்னாலே பள்ளமும் மேடும் ஒண்ணா சேந்துரும்ல.

ஏற்கனவே தூக்க மாத்திரை போட்டுக்கிட்டு இருக்குறவங்க இதப் படிச்சுட்டு இன்னைக்கு ராத்திரியே தூக்கிப் போட்டுறாதீங்க. மாசக்கணக்குல அல்பிரசோலம், குளோனசிபாம் போட்டவங்க சட்டுன்னு நிறுத்துனா நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகும், டாக்டர் சொல்லி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அதுவரைக்கும் படுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ சுகர் பாக்குறது, 100க்குக் கீழ இருந்தா ஒரு டம்ளர் பாலும் ரெண்டு ரொட்டியும் சாப்பிட்டுட்டுப் படுக்குறது, இன்சுலினோ கணையத்தத் தூண்டுற மாத்திரையோ எடுக்குறவங்களுக்கு இது நல்லது. ராத்திரி சாப்பாடு எறங்கலேன்னா அந்த வேள சுகர் மாத்திரைய என்ன பண்ணனும்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு வச்சுக்கங்க, ராத்திரி எட்டு மணிக்கு யாரையும் தேட முடியாது. இன்சுலின் போடுற டைப் 1காரங்க மட்டும் தானா ஊசிய முழுசா நிறுத்தக்கூடாது, அது வேற ஆபத்துல கொண்டு விடும்.

சீட்டு விசயம். அல்பிரசோலமும் சோல்பிடெமும் 2014ல இருந்து எச்1 அட்டவணையில இருக்கு, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாது, கடைக்காரர் தனி நோட்டுல நோயாளி பேரு, டாக்டர் பேரு, எத்தன மாத்திரைன்னு எழுதி 3 வருசம் வச்சிருக்கணும். ஆனா அந்த நோட்டுல சுகர் மாத்திரை ஏறாது, சுகர் மாத்திரை வாங்குற கடை மலைக்குக் கீழ இருக்கு. ரெண்டையும் ஒரே கண்ணு பாக்குறதுக்கு ஒரே வழி நம்ம பைதான். இப்ப கங்காணி மகன் செய்யுறது இது: ரெண்டு பட்டையோட பின்பக்கத்தையும் செல்போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கான், கம்பம் போனாலும் குமுளி போனாலும் அதத்தான் மொதல்ல நீட்டுறான். கிளிமெபிரைட்ட நிறுத்திட்டாங்க, கிட்னிக்கு ஏத்த மாதிரி மெட்ஃபார்மின குறைச்சு, கூட லோ பண்ணாத வேற ஒரு மாத்திரை சேத்திருக்காங்க. அல்பிரசோலம் பாதி, அப்பறம் கால், அப்பறம் ஒருநாள் விட்டு ஒருநாள்னு போயி நின்னுருச்சு. நடுராத்திரி முழிப்பு வர்றதில்லயாம், வாழப்பழ செலவு மிச்சம்ங்குறாங்க வீட்டம்மா.